முழங்கால் மூட்டு மாற்றுக்குப் பிறகு இன்ஷூரன்ஸுக்குக் கொடுக்கும் பிசியோதெரபி முன்னேற்ற அறிக்கை: முழுமையான வழிகாட்டி

"நோயாளி நன்றாக முன்னேறி வருகிறார். வலி குறைந்துள்ளது. நடை மேம்பட்டுள்ளது."

தொழிலுக்கு வந்த புதிதில் நான் எழுதிய அறிக்கைகள் இப்படித்தான் இருக்கும். அப்படி ஒன்று கிளெய்ம் தாள்களோடு போய், ஒரு வரிக் கேள்வியோடு திரும்பி வந்தது: எவ்வளவு முன்னேற்றம், எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அந்த அம்மா உண்மையிலேயே தேறியிருந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்தவர், இரண்டு மாதத்தில் தனியாக மாடிப்படி ஏறினார். ஆனால் முதல் நாள் நான் எதையும் அளந்து எழுதி வைக்கவில்லை. போன நாளை மறுபடி அளக்க முடியாது. அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை, அதற்குக் காரணம் என் கோப்பில் இருந்த வெற்றிடம். அதன் பிறகுதான் இந்த அறிக்கையை எப்படி எழுத வேண்டும் என்று பொறுமையாகக் கற்றுக்கொண்டேன். இளம் பிசியோதெரபிஸ்டுகளுக்காகவே இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவருக்கு மூட்டு மாற்று நடந்திருந்தால், உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பதும் இதில் தெரியும்.

படிப்பவர் யார்

அறிக்கையைப் படிப்பவர், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்காகக் கிளெய்ம்களைச் சரிபார்க்கும் டிபிஏ அலுவலகத்திலோ இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலோ இருக்கும் ஒரு மருத்துவ அலுவலர். அவர் நோயாளியைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. அவர் முன்னால் டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டரின் மருந்துச் சீட்டு, பில்கள், உங்கள் அறிக்கை ஆகியவை இருக்கும். அவருக்கு மூன்று விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். இந்தச் சிகிச்சை அந்த அறுவை சிகிச்சையின் தொடர்ச்சிதானா? பாலிசி சொல்லும் நாள்களுக்குள் நடந்ததா? இத்தனை அமர்வுகளுக்கு ஈடான பலன் ஆளிடம் தெரிகிறதா?

முதல் இரண்டும் தாள் வேலை என்பதால் அவற்றை முதலில் முடித்துவிடுவோம். நம் நாட்டு மருத்துவ பாலிசிகளில் பிசியோதெரபிச் செலவு பெரும்பாலும் 'டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு' என்ற தலைப்பில்தான் வரும். எந்த நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தாரோ அதே நோய்க்கான செலவாக அது இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி கிளெய்மும் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். கால வரம்பு பாலிசிக்குப் பாலிசி மாறும். ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் 60 நாள். இந்த நாள்களை டிஸ்சார்ஜ் ஆன தேதியிலிருந்து எண்ண வேண்டும். அறுவை சிகிச்சைத் தேதியிலிருந்து எண்ணிவிட்டு, கடைசி நான்கைந்து அமர்வுகளுக்குப் பணம் கிடைக்காது என்று கேட்காமலே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து செய்யும் பிசியோதெரபியைச் சில பாலிசிகள் தனியாகக் கையாளும். ஆகவே முதல் அமர்வுக்கு முன்பே பாலிசிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அறுவை சிகிச்சை செய்த டாக்டரின் எழுத்துப்பூர்வமான பரிந்துரை. "பிசியோதெரபி செய்யவும்" என்பதைவிட "வாரம் 3 முறை, 8 வாரம், இடது முழங்கால்" என்று இருந்தால் பாதிக் கேள்விகள் எழவே எழாது. பரிந்துரையின் தேதி முதல் அமர்வுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். இடது, வலது என்பதை எல்லாத் தாளிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இடது என்றும் அறிக்கையில் வலது என்றும் இருந்தால், எவ்வளவு நல்ல அறிக்கையும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

மூன்றாவது கேள்விக்கான பதில் உங்கள் கையில் மட்டுமே இருக்கிறது. அறிக்கையின் உயிரும் அதுதான்.

எதை அளப்பது

அளவுகளை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. மூட்டு எவ்வளவு அசைகிறது, ஆள் எவ்வளவு நடமாடுகிறார், அன்றாட வேலையை எவ்வளவு செய்கிறார், எவ்வளவு வலிக்கிறது ஆகிய நான்கும் தெரிந்தால் போதும். நான் பயன்படுத்துவது மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர், எழுந்து நடந்து வரும் நேரத்தை அளக்கும் டைம்டு அப் அண்ட் கோ, 30 விநாடி நாற்காலிச் சோதனை, காலால் செய்யும் அன்றாட வேலைகளைப் பற்றிக் கேட்கும் எல்.இ.எஃப்.எஸ். கேள்வித்தாள், பத்துக்கு எத்தனை என்று கேட்கும் வலி எண். இவற்றுக்கு ஒரு நாற்காலி, ஒரு ஸ்டாப்வாட்ச், மூன்று மீட்டர் தரை இருந்தால் நோயாளியின் வீட்டுக் கூடத்திலேயே அளந்துவிடலாம்.

தசை வலுவுக்கு ஐந்துக்கு மூன்று, ஐந்துக்கு நான்கு என்று எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. எழுதுங்கள், ஆனால் முன்னேற்றத்தைக் காட்ட அதை நம்ப வேண்டாம். நான்கைத் தொட்டபின் அந்த எண் அசையாது. ஆளோ இன்னும் நாற்காலியைப் பிடித்துத்தான் எழுந்திருப்பார். நாற்காலிச் சோதனையில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

எப்படி அளப்பது

அளவு நம்பகமாக இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அளக்க வேண்டும். எப்படி அளந்தீர்கள் என்பதையும் அறிக்கையில் ஓரிரு வரி எழுத வேண்டும்.

முழங்கால் மடக்கத்தை மல்லாந்து படுக்க வைத்து, குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி மடக்கச் சொல்லி அளக்கிறேன். கோனியோமீட்டரின் அச்சு முழங்காலின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் இருக்கும். கருவியின் ஒரு கை தொடையோடு இடுப்பின் பக்கவாட்டு மேட்டை நோக்கியும், மற்ற கை கணுக்காலின் வெளிப்பக்க மேட்டை நோக்கியும் இருக்கும். அவரே மடக்கிய அளவா, நாம் அழுத்தி மடக்கிய அளவா என்று தெளிவாக எழுதுங்கள். முதல் நாள் அவராக மடக்கியதையும் கடைசி நாள் நாம் அழுத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அது இல்லாத முன்னேற்றத்தைக் காட்டும்.

நீட்டும்போது குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டு வையுங்கள். முழங்காலுக்கு அடியில் எதுவும் முட்டுக்கொடுக்கக் கூடாது. இதை எண்ணாக எழுதுவதில் ஒரு குழப்பம் உண்டு. "மைனஸ் 10" என்றால் ஒருவருக்குப் பத்து டிகிரி நீளாமல் நிற்கிறது என்று பொருள், இன்னொருவருக்குப் பத்து டிகிரி பின்னோக்கி வளைகிறது என்று பொருள். "முழு நீட்டத்துக்கு 10 டிகிரி குறைவு" என்று சொல்லாகவே எழுதிவிடுங்கள். நாம் நீட்டினால் நீளும் கால், அவர் தூக்கும்போது அந்த அளவு நீளவில்லை என்றால் அது தொடைத் தசையின் பலவீனம். அதைத் தனியாகக் குறியுங்கள், ஏனென்றால் முதல் வாரங்களில் செய்யும் தொடைப் பயிற்சிகளுக்கு நியாயம் சொல்வது அந்த இடைவெளிதான்.

டைம்டு அப் அண்ட் கோ சோதனைக்கு, சுமார் 46 செ.மீ. உயரமுள்ள கை வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, கோட்டைத் தாண்டித் திரும்பி வந்து உட்கார வேண்டும். வழக்கமான வேகத்தில், பாதுகாப்பாக நடக்கச் சொல்ல வேண்டும். ஒரு முறை ஒத்திகை பார்த்துவிட்டு அடுத்த முறையைக் கணக்கில் எடுங்கள். அதே உயர நாற்காலி, அதே காலணி அல்லது வெறுங்கால் என்பதை மாற்றாதீர்கள். வீட்டு அமர்வுகளிலிருந்து கிளினிக்குக்கு மாறும்போது இங்கேதான் பிசகும். வீட்டில் இருப்பது தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலி, கிளினிக்கில் உயரமான இரும்பு நாற்காலி. உயரம் ஏறினாலே எழுவது எளிதாகி நேரம் குறையும். வீட்டு நாற்காலியின் உயரத்தை முதல் நாளே டேப் வைத்து அளந்து எழுதிவிட்டால், கிளினிக்கிலும் அதே உயரத்தை அமைத்துக்கொள்ளலாம்.

30 விநாடி நாற்காலிச் சோதனையில் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணுவோம். இருக்கை உயரம் சுமார் 43 செ.மீ. கையை ஊன்றினால் மதிப்பெண் பூஜ்யம்தான். முதல் வாரத்தில் பூஜ்யம் வந்தால் தயங்காமல் பூஜ்யம் என்றே எழுதுங்கள். கையூன்றி எத்தனை முறை எழுந்தார் என்பதை அடைப்புக்குள் போடாமல் தனி வரியில், வேறு அளவாகக் குறியுங்கள்.

எல்.இ.எஃப்.எஸ். கேள்வித்தாளில் இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை, மொத்தம் 80. தமிழில் வாசித்துக் காட்டிக் கேட்கிறீர்கள் என்றால் அதை அறிக்கையில் சொல்லுங்கள், ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் கேளுங்கள். மகளோ மருமகளோ பதில் சொல்ல விடாதீர்கள். வீட்டார் சொல்லும் பதில் அவர்களுடைய கவலையின் அளவு. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அந்தத் தாளில் ஓடுவது பற்றி மூன்று கேள்விகளும் ஒற்றைக் காலில் குதிப்பது பற்றி ஒரு கேள்வியும் இருக்கின்றன. செயற்கை மூட்டு வைத்த 64 வயதுக்காரர் ஓடவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். அந்த நான்கிலும் பூஜ்யம் போட்டால், மற்ற எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும் அவர் தொடக்கூடியது 64 தான். இதை ஒரு வரியில் எழுதாவிட்டால், 80-க்கு 47 என்பதைப் பார்க்கும் அலுவலர் பாதிதான் தேறியிருக்கிறார் என்று நினைப்பார்.

எத்தனை கூடினால் முன்னேற்றம்

எந்த அளவிலும் கொஞ்சம் பிழை இருக்கும். ஒரே நாளில் ஒரே முழங்காலை இரண்டு முறை அளந்தாலும் நாலைந்து டிகிரி வித்தியாசம் வரலாம். அந்தப் பிழையைத் தாண்டிய மாற்றத்தை மட்டுமே முன்னேற்றம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. மூட்டு நோயாளிகளிடம் செய்த ஆய்வுகளில் இதற்கான எல்லைகள் கிடைக்கின்றன. டைம்டு அப் அண்ட் கோவில் சுமார் 2.5 விநாடி, எல்.இ.எஃப்.எஸ்-இல் 9 புள்ளி, முழங்கால் மடக்கத்தில் சுமார் 10 டிகிரி, நீட்டத்தில் சுமார் 6 டிகிரி, வலி எண்ணில் 2. ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் இந்த எல்லையை எழுதிவிட்டால், படிப்பவர் உங்கள் வார்த்தையை நம்ப வேண்டிய தேவையே இருக்காது. அவரே கழித்துப் பார்த்துக்கொள்வார்.

எந்த நாளோடு ஒப்பிடுவது

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் வாரத்தில் ஆள் அறுவை சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிட மோசமாக இருப்பார். தொடைத் தசையின் வலு முதல் மாதத்தில் பாதிக்கும் மேல் சரிந்துவிடும். அந்த அடிமட்ட நாளோடு மட்டும் ஒப்பிட்டால் எந்தச் சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் பெரிய முன்னேற்றம் தெரியும். அனுபவமுள்ள அலுவலர் அதை ஏற்கமாட்டார். அறுவை சிகிச்சைக்கு முந்திய நாளோடு மட்டும் ஒப்பிட்டால் உங்கள் எட்டு வார உழைப்பு கண்ணில் படாது. இரண்டையும் காட்டுவதுதான் நேர்மை. அறுவை சிகிச்சை தேதி குறித்ததும் நோயாளியை ஒரு முறை வரவழைத்து அளந்துவிடுங்கள். அது முடியாவிட்டால், ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்டின் சேர்க்கைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம்

விளக்கத்துக்காக நானே அமைத்த நோயாளி இவர். என்னிடம் வரும் பலருடைய சாயல் இவரிடம் உண்டு. 64 வயது, ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர். வீடு முதல் மாடியில், பதினான்கு படி. இடது முழங்காலில் முழு மூட்டு மாற்று 2025 மார்ச் 4 அன்று நடந்தது. மார்ச் 8 அன்று டிஸ்சார்ஜ். பாலிசியின் 60 நாள் மே 7 அன்று முடிகிறது. டாக்டரின் பரிந்துரை வாரம் மூன்று, எட்டு வாரம். மார்ச் 10 முதல் மே 2 வரை திங்கள், புதன், வெள்ளி என்று இருபத்துநான்கு அமர்வுகள் திட்டமிட்டு இருபது நடந்தன. முதல் இரண்டு வாரம் வீட்டில் ஆறு. மார்ச் 31 முதல் கிளினிக்கில் பதினான்கு.

| அளவு | மார்ச் 3 (அறுவைக்கு முன்) | மார்ச் 10 | ஏப்ரல் 7 | மே 2 |
|---|---|---|---|---|
| மடக்கம், அவராகவே (டிகிரி) | 105 | 62 | 94 | 112 |
| முழு நீட்டத்துக்குக் குறைவு, நாம் நீட்டும்போது (டிகிரி) | 10 | 12 | 6 | 4 |
| டைம்டு அப் அண்ட் கோ (விநாடி) | 16.8, துணையின்றி | 41.0, வாக்கர் | 19.5, ஊன்றுகோல் | 12.4, துணையின்றி |
| 30 விநாடி நாற்காலி (முறை) | 7 | 0 | 5 | 9 |
| எல்.இ.எஃப்.எஸ். (80-க்கு) | 30 | 14 | 33 | 47 |
| நடக்கும்போது வலி (10-க்கு) | 7 | 7 | 4 | 2 |

இந்த அட்டவணையைப் பார்த்ததும் கை பரபரக்கும்: "நடை நேரம் 41 விநாடியிலிருந்து 12.4 ஆனது, 28.6 விநாடி முன்னேற்றம்!" அப்படி எழுதாதீர்கள். 41 வாக்கரோடு நடந்தது, 12.4 வெறுங்கையோடு நடந்தது. வாக்கரைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்து நடப்பதே நேரம் எடுக்கும். அந்த வித்தியாசத்தில் எவ்வளவு கால் தேறியது, எவ்வளவு கருவி மாறியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இங்கே சுத்தமான ஒப்பீடு மார்ச் 3-க்கும் மே 2-க்கும் இடையில்தான் இருக்கிறது. இரண்டிலும் துணையில்லை, 16.8-லிருந்து 12.4, அதாவது 4.4 விநாடி குறைவு. எல்லையான 2.5-ஐத் தெளிவாகத் தாண்டுகிறது. வாக்கரிலிருந்து ஊன்றுகோலுக்கும், பிறகு துணையில்லாமலும் வந்தது தனி முன்னேற்றம்; அதைத் தேதியோடு தனி வாக்கியமாக எழுதுங்கள். கருவி மாறும் நாளில் பழைய கருவியோடு ஒரு முறை, புதியதோடு ஒரு முறை என்று இரண்டு விதமாகவும் அளந்து வைத்தால் சங்கிலி அறுபடாது.

நீட்டத்தைப் பாருங்கள். மார்ச் 10-லிருந்து எட்டு டிகிரி கூடியிருக்கிறது, எல்லையைத் தாண்டுகிறது. ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் ஆறு டிகிரிதான். அது பிழை எல்லையின் விளிம்பில் நிற்கிறது. ஆகவே அறிக்கையில் "நீட்டம் மார்ச் 10-ஐவிடக் கூடியுள்ளது, அறுவைக்கு முந்திய நிலையோடு ஒப்பிட்டால் மாற்றம் அளவுப் பிழையின் எல்லையில் உள்ளது" என்று எழுதுவேன். இப்படி ஓர் இடத்தில் அடக்கி எழுதினால் மற்ற இடங்களில் உறுதியாகச் சொல்வதற்கு மதிப்புக் கூடுகிறது. என் அனுபவத்தில் கேள்வியே வராமல் போன அறிக்கைகள் பெரும்பாலும் ஒரு குறையையாவது வெளிப்படையாகச் சொன்னவை.

அட்டவணையில் தெரியாத ஒரு வாரமும் இருக்கிறது. மார்ச் 24 முதல் 28 வரை நோயாளிக்குக் காய்ச்சல். மூன்று அமர்வுகள் நடக்கவில்லை. மார்ச் 21 அன்று 78 டிகிரி இருந்த மடக்கம் மார்ச் 31 அன்று 76-இல் நின்றது. மூட்டு மாற்று நடந்த மூன்றாம் வாரத்தில் காய்ச்சல் என்று படித்ததும் எந்த மருத்துவரும் மூட்டில் கிருமித் தொற்றோ என்றுதான் முதலில் நினைப்பார். ஆகவே "மார்ச் 25 அன்று அறுவை சிகிச்சை டாக்டர் பரிசோதித்தார், காயம் சுத்தமாக உள்ளது, தொற்று இல்லை என்று குறிப்பு எழுதினார்" என்பதைச் சேர்த்து, அந்த ஓ.பி. சீட்டின் நகலையும் இணைக்க வேண்டும். நான்காவது அமர்வு விடுபட்டது ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு, கிளினிக் விடுமுறை. விடுபட்ட நாளுக்குக் காரணம் எழுதினால் வந்த நாள்களின் கணக்கும் நம்பும்படி ஆகிறது.

எண்ணை வாழ்க்கையோடு கட்டுவது

112 டிகிரி என்பது தனியாக நின்றால் ஒரு கோணம், அவ்வளவுதான். சமதளத்தில் நடக்கக் காலை வீசும்போது சுமார் 60 டிகிரிக்கு மேல் மடக்க வேண்டும். படி ஏற 80-க்கு மேல், நாற்காலியில் உட்கார்ந்து எழ 90-க்கு மேல் தேவைப்படும். மார்ச் 10 அன்று 62 டிகிரி மட்டுமே மடங்கிய கால் ஏன் படி ஏறவில்லை என்பது இதிலிருந்தே விளங்கும். இந்தத் தொடர்பை எழுதுவதுதான் அறிக்கையில் மிக முக்கியமான வேலை. அதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். இந்த நோயாளிக்கு நான் எழுதும் பத்தி கிட்டத்தட்ட இப்படி இருக்கும். அறிக்கை வழக்கமாக ஆங்கிலத்தில்தான் போகும், பொருள் இதுதான்:

"மார்ச் 10 அன்று நோயாளி கட்டிலிலிருந்து எழ ஒருவர் உதவி தேவைப்பட்டது, வீட்டின் முதல் மாடியிலிருந்து இறங்கவில்லை. மே 2 அன்று உதவியின்றி எழுகிறார். வீட்டின் பதினான்கு படிகளைக் கைப்பிடியைப் பிடித்து, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து ஏறி இறங்குகிறார். மேற்கத்தியக் கழிப்பறையைத் தனியாகப் பயன்படுத்துகிறார். முப்பது நிமிடம் நின்று சமைக்கிறார். ஒரு படிக்கு ஒரு கால் என்று மாற்றி மாற்றி ஏறுவது இன்னும் வரவில்லை. அவர் செல்லும் வழித்தடப் பேருந்தின் முதல் படி 38 செ.மீ. உயரம், கிளினிக்கில் 20 செ.மீ. படியில் மட்டுமே பாதுகாப்பாக ஏறுகிறார். ஆகவே பேருந்துப் பயணம் இன்னும் தொடங்கவில்லை."

சம்மணம் போடுவது, குந்துவது, இந்திய முறைக் கழிப்பறை ஆகியவற்றை எழுதும்போது கவனம் வேண்டும். அவற்றை "இன்னும் முடியவில்லை" என்ற பட்டியலில் சேர்த்தால் சிகிச்சை தோற்றதுபோலத் தெரியும். டாக்டர் அவற்றைத் தவிர்க்கச் சொல்லியிருந்தால் "டாக்டரின் அறிவுரைப்படி இலக்கில் சேர்க்கப்படவில்லை" என்று எழுதுங்கள்.

ஏன் இருபது அமர்வு

இந்தக் கேள்வி வரும் முன்பே பதில் அறிக்கையில் இருக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் என்ன குறை இருந்தது, அதற்கு என்ன செய்தோம், என்ன மாறியதும் அடுத்த கட்டத்துக்குப் போனோம் என்று மூன்று கட்டமாக எழுதினால் போதும். முதல் ஆறு வீட்டு அமர்வுகள் வீக்கம், தொடைத் தசையை எழுப்புவது, வாக்கர் நடை ஆகியவற்றுக்கு. படி இறங்க முடியாததால்தான் வீட்டில் நடந்தன என்ற காரணத்தையும் எழுதுங்கள். மார்ச் 31 முதல் ஏப்ரல் 7 வரை மடக்கத்தில் கவனம். 76-லிருந்து 94-க்கு வந்தது. 90-ஐத் தாண்டியதும் நாற்காலிப் பயிற்சி, படிப் பயிற்சி, துணையில்லா நடை. ஒவ்வொரு பயிற்சியின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதத் தேவையில்லை. அவை உங்கள் தினசரிக் குறிப்பில் இருந்தால் போதும், கேட்டால் நகல் கொடுக்கலாம்.

நிலைமை நின்றுபோன நோயாளிக்கு அறிக்கை வேறு மாதிரி அமையும். ஆறு வாரம் ஆகியும் 90 டிகிரி வரவில்லை என்றால் அதே பயிற்சியை மேலும் பத்து அமர்வு தொடர்வதாக எழுதுவது சரியல்ல. அறுவை சிகிச்சை டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டம் அது. மயக்கம் கொடுத்து மூட்டை மடக்குவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கும். தெரிவித்த தேதியையும் அவர் சொன்னதையும் அறிக்கையில் பதியுங்கள்.

பில்லோடு ஒத்துப்போவது

அறிக்கையில் உள்ள அமர்வுத் தேதிகள், வருகைப் பதிவேடு, பில், பணம் கட்டிய ரசீது ஆகிய நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் நோயாளிக்கு வீட்டு அமர்வு ரூ. 600 வீதம் ஆறுக்கு ரூ. 3,600, கிளினிக் ரூ. 400 வீதம் பதினான்குக்கு ரூ. 5,600; மொத்தம் ரூ. 9,200 என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையின் கடைசியில் இருபது தேதிகளையும் ஒரே வரிசையில் எழுதி, அதே எண்ணிக்கை பில்லிலும் இருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை எண்ணுங்கள். நோயாளி ஒவ்வொரு நாளும் அன்றன்றே கையெழுத்திட வேண்டும். ஒரே நாளில் ஒரே பேனாவால் இருபது கையெழுத்து வாங்கியது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

குடும்பத்தார் சில சமயம் கேட்பார்கள்: "சார், மே 9-ல வந்ததையும் மே 6-னு போட்டுக் கொடுங்களேன், நாலு பில் சேர்ந்து வரும்." அவர்கள் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் செய்யக் கூடாது. அது தெரியவந்தால் அந்த ஒரு பில்லோடு நிற்காது. உண்மையாக நடந்த இருபது அமர்வுகளும் சந்தேகத்துக்குள் போகும், ஆஸ்பத்திரி கிளெய்ம்கூட மறுபடி திறக்கப்படலாம். நான் அவர்களிடம் இதை அப்படியே சொல்லி, மே 7-க்குப் பிறகு வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதிக் கொடுத்துவிடுவேன். அறிக்கையிலும் "மே 2-க்குப் பிறகு வீட்டுப் பயிற்சி, ஜூன் முதல் வாரம் ஒரு மறு அளவீடு" என்று திட்டமாக வரும்.

அறிக்கையை இரண்டு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள். மேலே பெயர், வயது, பாலிசி எண், கிளெய்ம் எண், அறுவை சிகிச்சை, இடதா வலதா என்பது, தேதிகள். அடுத்து அட்டவணை, அன்றாடச் செயல் பத்தி, மூன்று கட்டங்கள், மீதிக் குறை, திட்டம், தேதி வரிசை. கீழே உங்கள் பெயர், படிப்பு, பதிவு எண், கையெழுத்து, முத்திரை. நோயாளியின் மற்ற நோய்களில் மீட்சியைப் பாதித்தவற்றை மட்டும் சேருங்கள். அவர் உங்களிடம் பேசிய வீட்டுக் கதை எதுவும் இதில் வரக் கூடாது. விவரங்களை அனுப்ப அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதத்தை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

கேள்வி வந்தால்

தாள்களைச் சேர்த்துக் கொடுக்கும் கெடுவையும் பாலிசியில் பாருங்கள். ஆரோக்ய சஞ்சீவனியில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய சிகிச்சை முடிந்த 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கேள்விக் கடிதம் வந்தால் புதிதாக ஒரு நீண்ட அறிக்கை எழுத உட்காராதீர்கள். முதல் அறிக்கையில் எந்த வரியில் பதில் இருக்கிறது என்று சுட்டி, தேவையான தினசரிக் குறிப்பின் நகலை இணைத்து, அரைப் பக்கத்தில் முடியுங்கள். பழைய எண் எதையும் மாற்றாதீர்கள். முதல் அறிக்கையில் தட்டச்சுப் பிழை இருந்தால், எது தவறு, எது சரி, எந்தக் குறிப்பிலிருந்து திருத்தப்பட்டது என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அதன் பிறகும் மறுத்தால் குடும்பத்தார் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அங்கே உங்களை யாரும் நேரில் கூப்பிட்டு அந்த முழங்கால் எப்படி இருந்தது என்று கேட்பது அரிது. மார்ச் 10 அன்று நோயாளி வீட்டுக் கூடத்தில் நீங்கள் அளந்து எழுதிய அந்த ஒரு பக்கத்தைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்.